கையெழுத்து விழும் லீவு லெட்டர்

கல்லூரியில் லீவு லெட்டரைப் படிக்கும் பேராசிரியர் பெரும்பாலும் நின்றுகொண்டே படிக்கிறார். ஒரு ஹவர் முடிந்து அடுத்த வகுப்புக்குப் போகிற வழியில் மாணவர் எதிரே வந்து நிற்பார். பேராசிரியரின் ஒரு கையில் வருகைப்பதிவேடு இருக்கும். மறு கையில் அந்தத் தாளை வாங்கிக் கண்ணை ஓட்டுவார். ஐம்பது, அறுபது பேர் உள்ள வகுப்புக்கு அவர் ஆலோசகர். இது போன்ற தாள்கள் வாரம் முழுக்க வந்துகொண்டே இருக்கும். கேட்பவர் யார், எந்தெந்த நாள் வர மாட்டார், ஏன், அந்த நாட்களில் விடுபடும் வேலைக்கு என்ன வழி என்பதெல்லாம் உடனே கண்ணில் பட்டால் பேனாவை எடுத்துவிடுவார். படாவிட்டால் "சாயங்காலம் டிபார்ட்மெண்டுக்கு வாம்மா, பேசுவோம்" என்று தாளைத் திருப்பித் தருவார்.

திருப்பித் தரப்படும் கடிதங்களில் பல மிக நீளமானவை. அவற்றை எழுதியவர்கள் பணிவில்லாதவர்கள் அல்ல. தங்களை நம்ப மாட்டார்களோ என்ற பயத்தில், தெரிந்ததையெல்லாம் எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதப்பட்ட ஒரு முதல் வரைவை எடுத்து, வரிவரியாகப் பார்த்து, அதே மாணவியின் அதே தேவையை மரியாதையான ஒரு சிறு கடிதமாக மாற்றுவது எப்படி என்று பார்ப்போம்.

மாணவியை இப்படி வைத்துக்கொள்வோம். திருச்சியில் ஓர் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு, தமிழ் வழியில் படிக்கிறார். விடுதியில் தங்கியிருக்கிறார். சொந்த ஊர் கழுகுமலைப் பக்கம். ஆகஸ்ட் 24, ஞாயிற்றுக்கிழமை அவருடைய அக்காவுக்குக் கல்யாணம். சனி, ஞாயிறு கல்லூரி கிடையாது. அவர் எழுதிய முதல் வரைவு இது:

"மேடம், வணக்கம். நான் உங்கள் வகுப்பில் படிக்கும் மாணவி. உங்கள் பொன்னான நேரத்தை வீணாக்குவதற்கு முதலில் என்னை மன்னிக்கவும். எங்கள் அக்காவுக்கு ரொம்ப நாளாக மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். போன வருடம் ஒரு இடம் தகைந்து வந்து, ஜாதகம் பொருந்தாமல் தட்டிப்போய்விட்டது. அந்தக் கவலையில் அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போய்விட்டது. இப்போது முருகன் புண்ணியத்தில் ஒரு நல்ல இடம் அமைந்திருக்கிறது. ஆவணியிலேயே முடித்துவிட வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். தம்பி சின்னவன், அதனால் அப்பாவுக்கு நான்தான் ஒத்தாசையாக இருக்க வேண்டும். பந்தி வேலை, சீர் வேலை எல்லாம் இருக்கிறது. மறுநாள் மறுவீடும் இருக்கிறது. அதனால் எனக்கு ஒரு நான்கு நாள் லீவு வேண்டும். போன மாதம் நான் எடுத்த லீவு உண்மையிலேயே காய்ச்சலுக்குத்தான் மேடம். வகுப்பில் சிலர் காரணமே இல்லாமல் லீவு போடுகிறார்கள், நான் அப்படிப்பட்டவள் இல்லை என்று உங்களுக்கே தெரியும். லேப் இருப்பது எனக்குத் தெரியும், எப்படியாவது முடித்துவிடுகிறேன். வியாழக்கிழமை ராத்திரிக்கே டிரெயின் டிக்கெட் போட்டாகிவிட்டது. நீங்கள் இல்லையென்று சொன்னால் வீட்டில் எனக்குப் பெரிய சங்கடமாகிவிடும். தயவுசெய்து மறுக்காமல் லீவு தரவும். ப்ளீஸ் மேடம். நன்றி."

இதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. அக்கா மீதுள்ள பாசமும், அப்பாவின் சுமையைப் பகிர்ந்துகொள்ளும் பொறுப்பும் தெரிகின்றன. நேரில் உட்கார்ந்து பேசினால் எந்தப் பேராசிரியரும் கேட்டு மகிழ்வார். கையெழுத்துப் போட வேண்டிய தாளாகப் பார்க்கும்போதுதான் இதன் குறைகள் தெரிகின்றன.

முதல் குறை, இதில் பெயர் இல்லை. பதிவெண் இல்லை. நேரில் கொடுக்கும்போது முகம் தெரியும் என்று மாணவி நினைக்கிறார். ஆனால் அந்தத் தாள் பேராசிரியரின் கோப்புக்குள் போன பிறகு அதற்கு முகம் கிடையாது. ஒரு மாதம் கழித்து வருகைக் கணக்கைச் சரிபார்க்கும்போது, 'உங்கள் வகுப்பில் படிக்கும் மாணவி' யாரென்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அடுத்தது நாள் கணக்கு. 'ஒரு நான்கு நாள்' என்கிறார். எந்த நான்கு நாள்? வியாழன் இரவு ரயில் என்பதால் வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள் என்று நாம் ஊகிக்கலாம். ஆனால் சனி, ஞாயிறு கல்லூரியே கிடையாதே. உண்மையில் அவருக்கு வேண்டியது இரண்டே இரண்டு கல்லூரி நாட்கள். இரண்டு நாள் கேட்க வேண்டிய இடத்தில் நான்கு நாள் கேட்டு, தன் கோரிக்கையைத் தானே இரு மடங்காக்கிவிட்டார். வெள்ளியிலிருந்து நான்கு வேலை நாள் என்று பேராசிரியர் புரிந்துகொண்டால் அது அடுத்த புதன்கிழமை வரை நீளும். அப்படி நீண்டால் அவர் தயங்குவது இயல்புதான். "என்று முதல் என்று வரை, அதில் கல்லூரி நாள் எத்தனை, என்றைக்கு வகுப்புக்குத் திரும்புகிறாய்" என்ற மூன்றுக்கும் கடிதத்தில் பதில் இருக்க வேண்டும். மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தவும் வேண்டும்.

கலைக் கல்லூரி மாணவர்களுக்கு இதில் இன்னொரு சிறு வேலை உண்டு. அங்கே பல கல்லூரிகளில் கால அட்டவணை கிழமைப்படி ஓடாது, டே ஆர்டர்படிதான் ஓடும். ஒன்று முதல் ஆறு வரை வரிசையாகப் போய் மறுபடி ஒன்றுக்கு வரும். நடுவே ஒரு விடுமுறை வந்தால் அட்டவணை ஒரு நாள் தள்ளிப் போகும். ஆகவே வரும் வெள்ளிக்கிழமை எந்த டே ஆர்டர் என்று பார்த்தால்தான், அன்று எந்தெந்த வகுப்பு, லேப் உண்டா இல்லையா என்பது தெரியும். நம் மாணவி எண்ணிப் பார்க்கிறார். 22-ஆம் தேதி வெள்ளி நான்காம் டே ஆர்டர். அன்று கடைசி மூன்று ஹவர் அவருடைய பிரிவுக்கு உப்புப் பகுப்பாய்வு லேப். திங்கள் ஐந்தாம் டே ஆர்டர். அன்று லேப் இல்லை, ஆனால் இயற்பியல் அசைன்மெண்ட் கொடுக்கக் கடைசி நாள். செவ்வாய் ஆறாம் டே ஆர்டர். அன்று வகுப்பின் மற்றொரு பிரிவுக்கு அதே லேப்.

இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்ததுமே கடிதத்தின் பாதி தயாராகிவிட்டது. முதல் வரைவில் 'லேப் இருப்பது எனக்குத் தெரியும், எப்படியாவது முடித்துவிடுகிறேன்' என்று எழுதியிருந்தார். 'எப்படியாவது' என்பதை வைத்துக்கொண்டு பேராசிரியரால் எதுவும் செய்ய முடியாது. பாட வகுப்பைத் தவறவிட்டால் தோழியின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம். லேப் அப்படியல்ல. உப்புப் பகுப்பாய்வில் ஒவ்வொருவருக்கும் ஒரு உப்பு தருவார்கள். அமில மூலம் எது, கார மூலம் எது என்று ஒவ்வொரு சோதனையாகச் செய்து பார்த்து, கண்டதை அப்சர்வேஷன் நோட்டில் எழுதி, அன்றே கையெழுத்து வாங்க வேண்டும். ஒரு மாணவிக்காக மட்டும் லேப்பைத் திறந்து, ரசாயனம் எடுத்து வைத்து, ஆசிரியரும் லேப் உதவியாளரும் நிற்பது நடக்காத காரியம். அதனால், ஏற்கெனவே லேப் நடக்கப்போகும் ஒரு நாளில் தன்னைச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்பதே வழி. செவ்வாய்க்கிழமை மற்றப் பிரிவினருடன் செய்யலாமா என்று கேட்டால், பேராசிரியர் யோசிக்க வேண்டியது ஓர் இடம் காலியாக இருக்கிறதா என்பது மட்டும்தான். அசைன்மெண்டுக்கு இன்னும் எளிய வழி, ஊருக்குக் கிளம்புமுன் வியாழக்கிழமையே கொடுத்துவிடுவது.

இனி காரணத்துக்கு வருவோம். முதல் வரைவில் கிட்டத்தட்டப் பாதி இதற்குத்தான் போயிருக்கிறது. தட்டிப்போன சம்பந்தம், அம்மாவின் உடல்நிலை, மாப்பிள்ளை வீட்டாரின் அவசரம் எல்லாம் வந்துவிட்டன. இவை ஏன் கல்யாணம் இப்போது நடக்கிறது என்பதை விளக்குகின்றன. பேராசிரியருக்கு அந்த விளக்கம் தேவையில்லை. அக்கா கல்யாணம் என்பதே போதுமான காரணம். அதற்கு மேல் அவர் கேட்கக்கூடியது ஒன்றுதான்: கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை, அன்று கல்லூரி விடுமுறை, பிறகு வெள்ளியும் திங்களும் எதற்கு? இதற்கான பதில் வரைவிலேயே இருக்கிறது, ஆனால் நடுவில் புதைந்து கிடக்கிறது. கல்யாண வேலையில் அப்பாவுக்கு உதவ வெள்ளி வேண்டும். மறுவீட்டுக்குத் திங்கள் வேண்டும். இந்த இரண்டையும் மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம்.

அம்மாவின் உடல்நிலையை எடுத்துவிடச் சொல்வது சிலருக்கு வருத்தமாக இருக்கலாம். அது உண்மையான கவலைதான். ஆனால் லீவு லெட்டர் பலர் கைக்குப் போகும் தாள். ஆலோசகர் பார்ப்பார், சில கல்லூரிகளில் துறைத்தலைவர் பார்ப்பார், அலுவலகத்துக்கும் போகலாம். வீட்டுக் கதையை அத்தனை பேர் படிக்கும்படி எழுத வேண்டிய கட்டாயம் எந்த மாணவிக்கும் இல்லை. கேட்ட விடுப்புக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு சொன்னால் போதும்.

அடுத்து, கோரிக்கைக்கு எதிராகவே வேலை செய்யும் நான்கு வரிகள். 'போன மாதம் நான் எடுத்த லீவு உண்மையிலேயே காய்ச்சலுக்குத்தான்' என்கிறார். யாரும் கேட்காத சந்தேகத்துக்குப் பதில் சொல்கிறார். படிப்பவர் அதுவரை அந்தக் காய்ச்சலை நினைத்திருக்கவே மாட்டார். இப்போது பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்பார். 'சிலர் காரணமே இல்லாமல் லீவு போடுகிறார்கள்' என்பது வகுப்புத் தோழர்களைப் போட்டுக் கொடுப்பதில் முடிகிறது. 'டிக்கெட் போட்டாகிவிட்டது' என்பது, நீங்கள் சம்மதித்தாலும் சம்மதிக்காவிட்டாலும் நான் போகத்தான் போகிறேன் என்று சொல்வதாகிறது. அனுமதி கேட்கும் கடிதத்தில் அது கேட்பவரின் மரியாதையையும் குறைக்கிறது, கேட்கப்படுபவரின் மரியாதையையும் குறைக்கிறது. 'நீங்கள் இல்லையென்று சொன்னால் வீட்டில் சங்கடமாகிவிடும்' என்ற வரி, மறுப்பினால் வரும் பழியை முன்கூட்டியே ஆசிரியர் தலையில் வைக்கிறது. எழுதும்போது மாணவிக்கு இந்த எண்ணங்கள் எதுவுமே இருந்திருக்காது. பதற்றத்தில் எழுதியிருக்கிறார். ஆனால் தாளில் இருப்பது எழுத்து மட்டும்தான். அவருடைய பதற்றமும் நல்ல மனமும் அதனுடன் கூடவே போவதில்லை. ஆகவே நான்கையும் எடுத்துவிட வேண்டும்.

பணிவு இங்கேதான் பலரைக் குழப்புகிறது. மன்னிக்கவும், பொன்னான நேரம், தயவுசெய்து, ப்ளீஸ், மறுக்காமல் என்று சேர்த்துக்கொண்டே போனால் பணிவு கூடும் என்று தோன்றும். பள்ளியில் நாம் பழகிய விடுப்பு விண்ணப்பத்தை நினைத்துப் பாருங்கள். அனுப்புநர், பெறுநர், பொருள், ஒரு வணக்கம், 'விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று ஒரு வரி, இப்படிக்கு. அதில் பணிவைக் காட்டும் சொல் ஓரிரண்டுதான். ஆனாலும் யாருக்கும் அது மரியாதைக் குறைவாகத் தோன்றியதில்லை. ஏனென்றால் அந்த வாக்கியம் முடிவை ஆசிரியரிடம் விட்டுவிடுகிறது. 'லீவு வேண்டும்', 'லீவு தரவும்' என்று முடித்தால் எத்தனை ப்ளீஸ் போட்டாலும் அது கட்டளையின் வடிவம்தான். 'விடுப்பு அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்', 'தாங்கள் அனுமதித்தால் செய்துவிடுகிறேன்' என்று முடித்தால் மரியாதை வாக்கியத்துக்குள்ளேயே இருக்கிறது. கல்லூரிக்கு வந்த பிறகு அந்தப் பள்ளிக்கூட வடிவத்தைக் குழந்தைத்தனம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. அதன் எலும்புக்கூட்டை அப்படியே வைத்துக்கொண்டு, கல்லூரிக்கு வேண்டிய சதையைச் சேர்த்தால் போதும்.

இவ்வளவையும் பார்த்த பிறகு எழுதிய கடிதம் இது. பெயர் வரும் இடங்களை மட்டும் அடைப்புக்குறிக்குள் விட்டிருக்கிறேன்.

அனுப்புநர்
(பெயர்), (பதிவெண்),
இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. வேதியியல்,
(கல்லூரியின் பெயர்), திருச்சி.

பெறுநர்
வகுப்பு ஆலோசகர் அவர்கள்,
இரண்டாம் ஆண்டு வேதியியல்,
(கல்லூரியின் பெயர்), திருச்சி.

மதிப்பிற்குரிய அம்மா,

பொருள்: அக்காவின் திருமணத்திற்காக ஆகஸ்ட் 22, 25 ஆகிய இரண்டு நாட்கள் விடுப்பு வேண்டுதல்.

வணக்கம். என் அக்காவின் திருமணம் ஆகஸ்ட் 24, ஞாயிற்றுக்கிழமை காலை கழுகுமலையில் நடைபெறுகிறது. மறுநாள் மறுவீடு. திருமண வேலைகளில் பெற்றோருக்கு உதவியாக நான் முன்னதாகவே ஊரில் இருக்க வேண்டியுள்ளது. ஆகவே ஆகஸ்ட் 22 வெள்ளி, 25 திங்கள் ஆகிய இரண்டு கல்லூரி நாட்களுக்கு விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். 26 செவ்வாய் காலை வகுப்புக்கு வந்துவிடுவேன்.

வெள்ளிக்கிழமை (நான்காம் டே ஆர்டர்) கடைசி மூன்று ஹவர் எங்கள் பிரிவுக்கு உப்புப் பகுப்பாய்வு லேப் உள்ளது. தாங்கள் அனுமதித்தால் செவ்வாய்க்கிழமை மற்றப் பிரிவினருடன் சேர்ந்து அதைச் செய்துவிடுகிறேன். திங்கட்கிழமை தர வேண்டிய இயற்பியல் அசைன்மெண்டை வியாழக்கிழமையே கொடுத்துவிடுகிறேன்.

திருமண அழைப்பிதழை இத்துடன் இணைத்துள்ளேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் மாணவி,
(கையொப்பம்)

பெற்றோர் கையொப்பம்:
இடம்: திருச்சி
நாள்: ஆகஸ்ட் 18

முதல் வரைவோடு ஒப்பிட்டால், கடிதத்தின் உடல் பகுதி நன்றாகச் சுருங்கிவிட்டது. ஆனால் செய்தி கூடியிருக்கிறது. தேதி, திரும்பும் நாள், லேப்புக்கு வழி, அசைன்மெண்டுக்கு வழி எதுவும் முதல் வரைவில் இல்லை. பொருள் என்ற ஒற்றை வரியிலேயே கோரிக்கை முழுவதும் வந்துவிடுவதால், நின்றுகொண்டு படிப்பவர் அந்த வரியைப் பார்த்ததுமே பதிவேட்டில் எந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். அழைப்பிதழ் இணைத்திருப்பதால் 'நான் அப்படிப்பட்டவள் இல்லை' என்று வாதாட வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது.

கடிதத்தின் நாளையும் கவனியுங்கள். ஆகஸ்ட் 18, திங்கள். லீவுக்கு நான்கு நாள் முன்பு. வியாழக்கிழமை மாலை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து கொடுத்தால், எவ்வளவு அழகாக எழுதினாலும் அது அனுமதி கேட்பதாகாது. ஆசிரியருக்கு யோசிக்கவும், மற்றப் பிரிவின் லேப்பில் இடம் பார்க்கவும் அவகாசம் வேண்டும். கல்யாணம் போல முன்பே தெரிந்த காரணத்துக்கு இந்த அவகாசத்தைக் கொடுப்பதும் பணிவில் சேர்ந்ததுதான். விடுதி மாணவிக்கு இன்னொன்றும் உண்டு. ஆலோசகர் கையெழுத்திட்ட கடிதத்தைக் காட்டினால்தான் வார்டன் வெளியே செல்ல அனுமதி தருவார் என்பது பல விடுதிகளின் வழக்கம். அதற்கும் ஒரு நாள் வேண்டும்.

இனி, கடிதத்தில் கையெழுத்து விழுந்த பிறகு என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கே மாணவர்களிடம் ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. அனுமதி வாங்கி எடுத்த லீவு வருகையாகக் கணக்கிடப்படும் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. லீவு, லீவுதான். பதிவேட்டில் அது வராத நாள். விளையாட்டுப் போட்டி, என்.எஸ்.எஸ். முகாம் என்று கல்லூரியே அனுப்பி வைக்கும்போது தரும் ஓ.டி. மட்டும்தான் வந்த நாளாகக் கணக்கில் சேரும். அக்கா கல்யாணத்துக்கு ஓ.டி. கேட்டு எழுதுவது முறையல்ல. கேட்டாலும் கிடைக்காது.

அப்படியானால் லெட்டர் எதற்கு? சொல்லிவிட்டு வராதவருக்கும் சொல்லாமல் வராதவருக்கும் உள்ள வித்தியாசத்தை அதுதான் காட்டுகிறது. விடுபட்ட லேப்பையோ தேர்வையோ திரும்பச் செய்ய அனுமதி கிடைப்பது பெரும்பாலும் இந்தத் தாளை வைத்துத்தான். வருகை குறைந்து, பிறகு சலுகை கேட்டு நிற்க வேண்டி வந்தால், அப்போதும் இந்தத் தாள்கள்தான் துணைக்கு வரும்.

வருகைக் கணக்கைக் கடிதம் எழுதுமுன் மாணவரே ஒரு முறை போட்டுப் பார்ப்பது நல்லது. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பருவத் தேர்வு எழுத 75 சதவீத வருகை தேவை என்பது பொதுவான விதி. நம் மாணவியின் கல்லூரி அந்தப் பருவத்தில் இதுவரை 40 நாள் நடந்திருக்கிறது, அவர் 37 நாள் வந்திருக்கிறார் என்று கொள்வோம். வருகை 92 சதவீதத்துக்கு மேல். இந்த இரண்டு நாள் லீவுக்குப் பிறகு 42 நாளில் 37 நாள், அதாவது 88 சதவீதம். கவலையே இல்லை. அதே வகுப்பில் 40 நாளில் 31 நாள் வந்த மாணவர் ஒருவர் இருக்கிறார். இப்போது அவருடைய வருகை 77.5 சதவீதம். தப்பித்துக்கொண்டிருக்கிறார். அவரும் இதே இரண்டு நாள் எடுத்தால் 42-க்கு 31, அதாவது 74 சதவீதத்துக்கும் கீழே போய்விடுவார். ஒரே காரணம், ஒரே கடிதம். ஆனால் இரண்டாமவரிடம் ஆலோசகர் கட்டாயம் பேசுவார். அவர் கடிதத்தில் ஒரு வரி கூடுதலாக வேண்டும்: 'என் வருகை 77.5 சதவீதமாக உள்ளதை அறிவேன். பருவம் முடியும் வரை வேறு விடுப்பு எடுக்காமல் அதைச் சரிசெய்துகொள்கிறேன்.' ஆசிரியர் கேட்கப்போகும் கேள்வியை அறிந்து முன்கூட்டியே பதில் சொல்வது வேறு, முதல் வரைவில் காய்ச்சலைப் பற்றி எழுதியது போலக் கேட்காத சந்தேகத்தைக் கிளப்பிவிடுவது வேறு. முன்னதற்கு எதிரே பதிவேடு திறந்து கிடக்கிறது. கேள்வி வந்தே தீரும்.

எல்லா லீவும் கல்யாணத்தைப் போல முன்பே தெரிந்து வருவதில்லை. திடீரென்று காய்ச்சல் வந்து படுத்துவிட்டால் அன்று காலை முழுக் கடிதம் எழுத முடியாது. அப்போது ஆலோசகரின் போனுக்கு ஒரு செய்தி போதும். அதிலும் வடிவம் அதுதான், அளவுதான் சிறியது:

"வணக்கம் மேடம். நான் இரண்டாம் ஆண்டு வேதியியல் (பெயர்), (பதிவெண்). நேற்றிரவு முதல் காய்ச்சலாக இருப்பதால் இன்று வகுப்புக்கு வர இயலவில்லை. மருத்துவரைப் பார்த்துவிட்டு, எத்தனை நாள் ஓய்வு தேவை என்பதை மாலைக்குள் தெரிவிக்கிறேன். விடுப்புக் கடிதத்தை வந்ததும் தருகிறேன்."

ஆசிரியரின் எண்ணில் மாணவியின் பெயர் பதிவாகியிருக்காது என்பதால் பெயரும் பதிவெண்ணும் இங்கே இன்னும் அவசியம். 'மேம், டுடே லீவ்' என்று மட்டும் அனுப்புபவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். உடம்பு தேறி வந்ததும் கொடுக்கும் கடிதத்தில் நடை மாறும். நடந்து முடிந்த நாட்களுக்கு 'விடுப்பு அளிக்குமாறு' என்று எழுதினால் பொருந்தாது. 'காய்ச்சல் காரணமாக இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை மூன்று நாட்கள் வகுப்புக்கு வர இயலவில்லை. மருத்துவச் சான்றை இணைத்துள்ளேன். இந்நாட்களை விடுப்பாக ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்' என்று எழுத வேண்டும். சான்றில் மருத்துவர் எழுதிய நாட்களும் கடிதத்தில் உள்ள நாட்களும் ஒன்றாக இருக்கின்றனவா என்று கொடுப்பதற்கு முன் பார்த்துவிட வேண்டும். சான்று இரண்டு நாளும் கடிதம் மூன்று நாளும் சொன்னால், மூன்றாவது நாளுக்குப் பதில் சொல்ல வேண்டி வரும்.

வீட்டில் ஒரு சாவு என்றால் இந்தக் கணக்கெல்லாம் பின்னால் வரும். 'தாத்தா இறந்துவிட்டார், ஊருக்குக் கிளம்புகிறேன், திரும்பும் நாளைப் பிறகு சொல்கிறேன்' என்று ஒரே வரி அனுப்பினால் போதும். அந்த நேரத்தில் விடுபடும் லேப்பைப் பற்றி எழுதச் சொல்லி எந்த ஆசிரியரும் எதிர்பார்ப்பதில்லை. காரியம் முடிந்து, பதினாறாம் நாளுக்கு மறுபடியும் போக வேண்டியிருந்தால், அந்தத் தேதி முன்பே தெரியுமாதலால் அதற்குத் தனியாக ஒரு கடிதத்தை முறைப்படி எழுதிக் கொடுக்கலாம்.

நல்ல கடிதம் எழுதினால் லீவு கட்டாயம் கிடைக்கும் என்றும் சொல்ல முடியாது. அந்த வெள்ளிக்கிழமையே உள்தேர்வு இருந்தால், செவ்வாய்க்கிழமை லேப்பில் இடமே இல்லாவிட்டால், ஆலோசகர் ஒரு நாளைக் குறைத்துக்கொள்ளச் சொல்லலாம். "வெள்ளிக்கிழமை லேப்பை முடித்துவிட்டுச் சாயங்காலம் கிளம்பேன்மா, திங்கள் லீவு எடுத்துக்கோ" என்பார். முதல் வரைவை வைத்துக்கொண்டு இந்தப் பேச்சைத் தொடங்கவே முடியாது. தேதியே தெரியாதபோது எந்த நாளை விடுவது, எந்த நாளை வைப்பது? இரண்டாவது கடிதத்தில் ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு வேலையும் தனித்தனியாக எழுதப்பட்டிருப்பதால், இரண்டு நாளும் வேண்டுமா, ஒன்று போதுமா என்று ஆசிரியரும் மாணவியும் அந்தத் தாளை நடுவில் வைத்துக்கொண்டு பேசி முடிவுக்கு வரலாம். வெள்ளிக்கிழமை மாலை கிளம்பினாலும் சனிக்கிழமை விடியுமுன் ஊர் போய்ச் சேர்ந்து, பெண்ணழைப்புக்கும் பந்திக்கும் அப்பாவுக்குக் கைகொடுக்கலாம். லேப்பும் போகாது, அக்கா கல்யாணமும் போகாது.